நுண்ணிதின் மகிழ்ந்தன்று: கயல்விழி, பிரபு திருமணத்தில் ஒரு வாசிப்பு

அனைவருக்கும் வணக்கம். என் பெயர் தேன்மொழி. கயலுடைய தோழி. திருச்சியில் படித்தபோது மூன்று வருடம் ஒரே விடுதி அறையில் இருந்தோம். அப்புறம் சென்னையில் வேலை கிடைத்து, நுங்கம்பாக்கத்தில் ஒரு சின்ன மாடி வீட்டில் நான்கு வருடம் சேர்ந்திருந்தோம். "கல்யாணத்துல நீ ஏதாவது வாசிக்கணும், பேச்சு வேண்டாம், உனக்குப் பிடிச்ச ஒரு பாட்டு போதும்" என்று கயல் போன மாதம் சொன்னாள். பாட்டு ஆறே வரிதான். அதற்கு முன்னால் கொஞ்சம் பேச அனுமதி கொடுங்கள்.

முன்வரிசையில் அப்பாயி உட்கார்ந்திருக்கிறார்கள். கயலின் அப்பாயி என்றாலும் எனக்கும் அவர் அப்பாயிதான். அப்பாயியும் தாத்தாவும் 1961-ல் இதே மன்னார்குடியில், இன்று கயலும் பிரபுவும் செய்த மாதிரியே, பெரியவர்கள் முன்னால் உறுதிமொழி சொல்லி மாலை மாற்றிக்கொண்டவர்கள். சுயமரியாதைத் திருமணத்தை ஏற்றுக்கொள்ளும் சட்டத் திருத்தம் 1967-ல்தான் கொண்டுவரப்பட்டது. அதற்கு முன்பு நடந்த திருமணங்களும் செல்லும் என்று அதில் சேர்த்தே எழுதினார்கள். அதாவது, அதுவரைக்கும் இவர்களுடைய திருமணத்துக்குச் சட்டத்தின் துணை கிடையாது. கையில் இருந்தது ஒருவருக்கொருவர் சொன்ன சொல் மட்டும்.

"அந்தச் சேதி வந்த அன்னைக்கு என்ன செஞ்சீங்க அப்பாயி?" என்று ஒருமுறை கேட்டேன். அப்பாயி சொன்னார்கள்: "உங்க தாத்தா பேப்பரை மடிச்சு வச்சுட்டு, சாப்பாடு போடுன்னாரு. முழுசாச் சாப்பிட்டாரு. கை கழுவிட்டு வந்துதான் சேதியே சொன்னாரு."

திருமணம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சாப்பாட்டு வேளைதான். அவ்வளவு பெரிய சேதி சட்டைப்பையில் காத்திருக்க, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சோறு சாப்பிட்ட அந்தக் கால் மணி நேரம். அவர்களுக்கு அவசரமே இல்லை. அந்தச் சட்டம் சொல்லவிருந்தது அவர்களுக்கு ஆறு வருடமாகத் தெரிந்த விஷயம்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். சங்க இலக்கியத்தில் திருமண நாளையே பாடிய பாட்டு உண்டு. அகநானூற்றில் 86-வது பாட்டில் பந்தல் போட்டு, புது மணல் பரப்பி, விளக்கேற்றி, உளுந்து சேர்த்த சோறு பரிமாறுகிறார்கள். பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை வாழ்த்துகிறார்கள். அதைத்தான் முதலில் எடுத்து வைத்தேன். ஆனால் அந்த நாள் இன்று நம் கண் முன்னாலேயே நடந்துகொண்டிருக்கிறது. எனக்குப் பந்தல் பிரித்த பிறகு நடப்பதைச் சொல்லும் பாட்டு வேண்டியிருந்தது. அது குறுந்தொகையில் இருக்கிறது. 167-வது பாட்டு, எழுதியவர் கூடலூர் கிழார்.

பாட்டில் பேசுவது மணமகளும் இல்லை, மணமகனும் இல்லை. பெண்ணை வளர்த்த செவிலித்தாய். கல்யாணம் முடிந்து, பெண் தனிக்குடித்தனம் போய்விட்டாள். எப்படி இருக்கிறாளோ என்று பெற்ற தாய் இங்கே தவிக்கிறாள். செவிலித்தாய் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். தாய் வாசலிலேயே நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளிடம் செவிலி சொல்வது இது:

முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅது உடீஇ
குவளை உண்கண் குய்ப்புகை கழுமத்
தான்துழந்து அட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே.

நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்:

நன்றாக உறைந்த கட்டித் தயிரைக் காந்தள் பூ இதழ் மாதிரி மெல்லிய விரல்களால் பிசைந்தாள். அந்த விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டாள். சேலையை மாற்றக்கூட அடுப்பை விட்டு நகரவில்லை, அதையே உடுத்தியிருந்தாள். தாளிக்கிற புகை, மை தீட்டிய அந்தக் குவளைக் கண்ணெல்லாம் நிறைந்தது. அப்படித் தானே துழாவித் துழாவிச் சமைத்த புளிக்குழம்பை, "நன்றாக இருக்கிறது" என்று கணவன் சாப்பிட்டான். அவள் முகம் இருக்கிறதே, அது மெல்ல, மிக மெல்ல மலர்ந்தது.

அவ்வளவுதான் பாட்டு. வீடு பெரியதா, மாப்பிள்ளை என்ன சம்பாதிக்கிறான், நகை பத்திரமாக இருக்கிறதா, ஒன்றும் இல்லை. பெற்ற தாய்க்குச் சொல்ல அந்தச் செவிலி எடுத்து வந்தது ஒரு முகத்தில் ஒரு நொடி வந்துபோன மலர்ச்சியை மட்டும்தான். தாய்க்கு அது போதும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சொல் "நுண்ணிதின்". அவள் சிரித்தாள் என்று புலவர் சொல்லவில்லை. முகம் நுண்ணிதாக மகிழ்ந்தது என்கிறார். பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற அளவு. கணவன்கூட அதைப் பார்த்தானா என்று பாட்டில் இல்லை, அவன் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கலாம். வளர்த்தவள் பார்த்துவிட்டாள்.

அடுத்து "இனிது". நம் வீடுகளில் இந்தச் சொல்லை யாரும் அப்படியே சொல்வதில்லை. என் அப்பா பேருந்து நடத்துநராக இருந்தார். கடைசி நடை முடிந்து வீடு வர ராத்திரி பதினொன்றாகிவிடும். அம்மா தூங்காமல் காத்திருப்பார், ரசத்தைச் சுடவைத்துக் கொடுப்பார். அப்பா வாய் திறந்து பாராட்டி நான் கேட்டதே இல்லை. தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்பார். சின்ன வயதில் அதைப் பசி என்று நினைத்தேன். கல்யாணமாகி என் அடுப்படியில் நின்றபோதுதான் அது என்ன சொல் என்று புரிந்தது. அப்பா இருபத்தெட்டு வருடம் அம்மாவிடம் "இனிது" என்றுதான் சொல்லியிருக்கிறார்.

ஒரு விஷயத்தில் எனக்குத் தயக்கம் இருந்தது. பாட்டில் சமைக்கிறவள் மனைவி, சாப்பிடுகிறவன் கணவன். பாலம் கட்டுகிற வேலையில் வெயிலில் நின்று ஆள் நடத்துகிற கயலுக்கு இதை வாசிக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் என் கண்ணால் பார்த்த ஒன்றுதான் என்னை முடிவெடுக்க வைத்தது.

நான்கு வருடம் முன்பு, சென்னையில் மழைக்காலம். கயலுக்கு டெங்கு. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்று நாளாகியும் வாயில் ஒன்றும் இறங்கவில்லை. கஞ்சி கசக்கிறது, தண்ணீரே கசக்கிறது என்றாள். பிரபு அப்போது அவளோடு வேலை பார்க்கிறவர், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் ஒரு தூக்குவாளியோடு வந்து நின்றார். நாலு பக்கமும் நனைந்திருந்தார், தூக்குவாளி மட்டும் நனையவில்லை. துண்டில் சுற்றி நெஞ்சோடு பிடித்து வந்திருந்தார். உள்ளே மிளகு ரசமும் குழைந்த சோறும். சட்டைக் கையில் மஞ்சள் கறை, ஆளே தாளிப்பு வாசனை. முதல் தடவை கடுகு கருகிவிட்டதாகவும், அதைக் கொட்டிவிட்டுத் திரும்ப வைத்ததாகவும் என்னிடம் சொன்னார். வேறு சட்டை மாற்றினால் ரயிலை விட்டுவிடுவோம் என்று அப்படியே கிளம்பியிருக்கிறார்.

கயல் எழுந்து உட்கார்ந்தாள். ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய். அப்புறம் தட்டைப் பார்த்தபடியே, "நல்லா இருக்கு" என்றாள்.

நான் அப்போது அறை வாசலில் நின்றிருந்தேன். கயல் பிரபுவைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவர் ஒன்றும் பேசாமல் திரும்பி, காலித் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். ஏற்கெனவே கழுவியிருந்த மூடியைத் திரும்பக் கழுவினார். அந்த முகத்தை இன்னும் மறக்கவில்லை. கூடலூர் கிழார் எந்த முகத்தைப் பார்த்து எழுதினாரோ எனக்குத் தெரியாது, நான் பார்த்தது அந்த முகம்தான்.

அன்று ராத்திரி மன்னார்குடியிலிருந்து அம்மா போன் செய்தீர்கள். "எம் பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டீர்கள். காய்ச்சல் குறைஞ்சிருக்கும்மா, கொஞ்சம் ரசம் சோறு சாப்பிட்டா என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்ல அப்போது எனக்கு உரிமை இல்லை. செவிலித்தாய் சொன்ன சேதியில் பாதியை நான்கு வருடம் என்னிடமே வைத்திருந்தேன். இன்று கொடுத்துவிட்டேன் அம்மா.

கயல், பிரபு, உங்கள் வீட்டுக்கு நான் அடிக்கடி வருவேன். யார் சமைத்தாலும் சாப்பிடுவேன். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்ததை அம்மாவிடமும், பிரபுவின் அம்மாவிடமும் தவறாமல் போய்ச் சொல்வேன்.

கடைசி இரண்டு வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கிறேன். கேட்கும்போது நீங்கள் யாரும் என்னைப் பார்க்க வேண்டாம். இவர்கள் இருவரையும் பாருங்கள்.

இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே.