சமையல் அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நீங்கள் வரும் நேரத்தில் நான் ஜிம்மில் இருப்பேன், அதனால்தான் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். நேற்று பாதிச் சோற்றை மிச்சம் வைத்ததைப் பார்த்து "பிடிக்கலையா தம்பி?" என்று கேட்டீர்களே, மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. உங்கள் சமையலில் ஒரு குறையும் இல்லை. அளவைத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது. அதுவும் என் தட்டுக்கு மட்டும்தான். அம்மாவுக்கு எப்போதும்போலவே செய்யுங்கள்.

மதியம் எனக்கு வெந்த சோறு 150 கிராம் போதும். புதுத் தராசு மிக்ஸி பக்கத்தில் இருக்கிறது. வெறும் கிண்ணத்தை வைத்து இடதுபக்கப் பொத்தானை அமுக்கினால் 0 என்று காட்டும், அப்புறம் சோற்றைப் போடுங்கள். நாலு நாள் நிறுத்தால் கைக்கே அளவு பழகிவிடும். சோறு குறைகிற இடத்தில் பொரியல் இரண்டு மடங்கு வையுங்கள். சாம்பாரில் அடியில் இருக்கும் பருப்பாக அள்ளி ஊற்றுங்கள்.

கோழியைத் தோல் இல்லாமல், நெஞ்சுக்கறியாக வாங்கி வைத்திருக்கிறேன். பச்சையாக 200 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள், வெந்தபின் தண்ணீர் வற்றி எடை குறைந்துவிடும். தயிர், இஞ்சி பூண்டு, மஞ்சள், மிளகு, உப்பு போட்டு அரைமணி நேரம் ஊறட்டும். பிறகு எண்ணெயில் பொரிக்காமல், தோசைக்கல்லில் 2 டீஸ்பூன் எண்ணெய் மட்டும் விட்டு மிதமான தீயில் மூடி வையுங்கள். பக்கத்துக்கு ஆறேழு நிமிடம் ஆகும். தடிமனான துண்டை நறுக்கிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தால் இன்னும் கொஞ்சம் விடுங்கள். அதிகம் விட்டால் நார் மாதிரி ஆகிவிடும், அது உங்களுக்கே தெரியும்.

எண்ணெய் விஷயம்தான் முக்கியம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே 120 கலோரி இருக்கிறது, கிட்டத்தட்ட இரண்டு மூன்று இட்லிக்குச் சமம். தூக்கிலிருந்து அப்படியே சாய்க்காமல் ஸ்பூனால் அளந்து விடுங்கள். தாளிப்புக்கு ஒரு டீஸ்பூன் போதும். கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயத்தைக் குறைக்கவே வேண்டாம், உங்கள் கைமணம் அதில்தானே இருக்கிறது.

செவ்வாய், வெள்ளி கோழி கிடையாது. அன்றைக்கு சோயா உருண்டை, காய்ந்ததாக 50 கிராம். வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தடவை நன்றாகப் பிழிந்தால் பச்சை வாசனை போய்விடும். அதன்பிறகு உங்கள் மிளகு வறுவல் மாதிரியே செய்துவிடலாம். காலையில் தினமும் மூன்று முட்டை அவித்து வையுங்கள், மஞ்சள் கருவோடுதான் சாப்பிடுவேன். சாயங்காலத்துக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல், தேங்காய் சும்மா ஒரு சிட்டிகை.

இதெல்லாம் உங்களுக்குக் கூடுதல் வேலை. அதனால் இந்த மாதத்திலிருந்து சம்பளத்தோடு 500 ரூபாய் சேர்த்துத் தருகிறேன், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். எதுவும் ஒத்துவராது என்று தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசி மாற்றிக்கொள்ளலாம்.

கோழி கீழ்த்தட்டில், நீல டப்பாவில் இருக்கிறது. இன்றைக்கே ஆரம்பித்துவிடலாம் அக்கா.

அன்புடன்,
தம்பி