ஒற்றைக் காளை

கண்ணபுரம் மாரியம்மன் கோயில் சித்திரைச் சந்தையில் காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. மர நிழலையெல்லாம் வியாபாரிகள் பிடித்துக்கொண்டார்கள். செல்லாத்தா வெட்டவெளியில் நின்றாள். காளையின் நிழல் அவள் பாதங்களுக்கு மட்டும்தான் போதுமானதாக இருந்தது.

பழனிச்சாமி இரண்டு தடவை அந்தப் பக்கமே பார்க்காமல் கடந்து போனார். மூன்றாம் தடவை நின்றார்.

"மாடு யாருதுங்க?"

"கயிறு என் கையிலதானே இருக்குதுங்கண்ணா."

அவர் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். "கடை சேர்ந்து ரொம்ப நாளாச்சே. பத்து வயசு சொல்லலாம்."

"ஏழு. தேய்மானம் இருக்குதான்னு விரலை விட்டுப் பாருங்க."

அவர் விரலை விடவில்லை. தோளில் கிடந்த துண்டை உதறிக் கைமேல் போட்டு நீட்டினார். இத்தனை வருடமும் துண்டுக்குள் விரல் பிடித்துத்தான் விலை பேசியிருக்கிறார்.

"எனக்கு அந்தப் பழக்கம் இல்லீங்க. வாயிலயே சொல்லுங்க."

பக்கத்தில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். துண்டு மறுபடியும் தோளுக்குப் போனது.

"சரி தாயி, நீயே சொல்லு."

"எழுபதுங்க."

"ஒத்தை மாட்டுக்கா? ஜோடி எங்கே?"

செல்லாத்தா கயிற்றைக் கை மாற்றிப் பிடித்தாள். "தை மாசம் தவறிப்போச்சு."

"அப்படிச் சொல்லு. ஒத்தையை ஏர்ல பூட்ட முடியுமா, வண்டியில பூட்ட முடியுமா? நாப்பது தர்றேன். லாரிக்காரன் அதுவும் தரமாட்டான்."

"காலையிலயே நாப்பத்தெட்டு சொன்னாங்க. கயித்தைக் குடுக்கலை."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கறிக்குக் கொடுக்க மாட்டாள் என்பதையும், வேறு ஆள் வரவில்லை என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அவர் அவசரப்படவில்லை. காளையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"பொழுது சாயறதுக்குள்ள அவங்களே நாப்பதுக்கு வருவாங்க. வீட்டுக்கு ஓட்டிட்டுப் போனா தீவனத்துக்கு என்ன பண்ணுவே? பையன் எங்கே வேலை?"

"திருப்பூர்ல. பனியன் கம்பெனி."

"அதான் உன்னைத் தனியா அனுப்பிட்டான்."

"அனுப்பலை. அவன் வந்தா கேட்ட விலைக்குத் தள்ளிருவான்னு நாந்தான் அவனுக்குச் சொல்லாம வந்தேன்."

பழனிச்சாமி முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு காளையின் கழுத்தில், நுகம் உரசிக் காய்த்த இடத்தைத் தடவினார். கை அங்கேயே நின்றது.

"வலத்துல பூட்டினதா, இடத்துலயா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

"வாங்கி விக்கறவங்க யாரும் இதைக் கேக்கமாட்டாங்கண்ணா. உங்க வீட்டுலயும் ஒண்ணு ஒத்தையா நிக்குது."

அவர் பதில் சொல்லவில்லை. காளையின் கழுத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"வலத்துல பூட்டினதுதான். அறுபத்தஞ்சு குடுங்க."

"அம்பது."

"உங்களுது என்ன நிறம்?"

"மயிலை. இதே உசரம்." சட்டென்று வந்துவிட்டது. இனி மறைக்க என்ன இருக்கிறது? "மூலனூர்ப் பக்கம், முருங்கைத் தோட்டம். டிராக்டர் விட்டா கிளையை முறிச்சுப்போடுது. ரெண்டு மாசமா ஓட்டலை. எங்க ராசா நுகத்தைப் பார்த்தாலே தலையைக் குனிஞ்சு வந்து நிக்கறான், பக்கத்துல ஆள் இல்லாம."

செல்லாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் அவளிடமே விட்டுவிட்டார் என்பது அவளுக்குப் புரிந்தது. இப்போது அறுபத்தைந்தே கேட்டாலும் கொடுப்பார்.

"அறுபதுங்க. ஆனா உழவு நின்னாலும் லாரிக்குக் குடுக்கக் கூடாது. எனக்குச் சொல்லி அனுப்பணும்."

"அம்பத்தெட்டு. சொல்லி அனுப்பறேன்."

"அம்பத்தெட்டுக்கு அந்த வார்த்தையை மாரியாத்தா கோயில் பக்கம் பார்த்துச் சொல்லுங்க."

பழனிச்சாமி செருப்பைக் கழற்றினார். கோபுரத்தின் பக்கம் திரும்பிச் சொன்னார். மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணினார், ஐநூறு ரூபாய்த் தாளாக நூற்றுப் பதினாறு. அவளும் எச்சில் தொட்டு ஒவ்வொன்றாக எண்ணி முடித்தாள். அவர் பையிலிருந்து கயிற்றை எடுத்தார். புதுக் கயிறு இல்லை. நுனியில் ஒரு வெண்கல மணி.

அவள் தன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வாய்க்கால்ல தண்ணி ஓடினா தாண்டமாட்டான், அடிக்காதீங்க. முன்னாடி நீங்க இறங்கினா பின்னாடியே வந்துருவான்."

"இதை முன்னாலயே சொல்லியிருந்தா அஞ்சாயிரம் குறைச்சிருப்பேன்."

"அதனாலதாங்கண்ணா இப்பச் சொல்றேன்."

அவர் மணிக் கயிற்றை முடிந்தார். "பேரு?"

"கண்ணன்."

"வாடா கண்ணா," என்றார். காளை நகரவில்லை. செல்லாத்தா அதன் பின்புறம் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளினாள்.