பொருள்: நமக்குன்னு தனியா ஒரு ஸ்டேஜிங் சர்வர் வேணும் சார்

சார் வணக்கம்,

10ஆம் தேதி நம்ம பில்லிங் சாஃப்ட்வேர் நின்னு போனதைப் பத்தி நேத்து மீட்டிங்ல எல்லாரும் ஒரே நேரத்துல பேசினதால முழுசா சொல்ல முடியல, அதான் உட்கார்ந்து மெயிலா எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணு. 10ஆம் தேதி ரிலீஸ் பண்ண பையன் மேல எல்லாரும் பழி போடுறாங்க, அது நியாயமே இல்ல. அவன் லோக்கல்ல ஓட்டிப் பார்த்தான், ரிவ்யூல ரெண்டு பேர் அப்ரூவ் பண்ணாங்க, டெஸ்ட் எல்லாம் பாஸ். நம்ம ப்ராசஸ்ல என்னென்ன இருக்கோ அத்தனையும் செஞ்சுட்டுதான் லைவ்ல போட்டான், அதுக்கு மேல செஞ்சு பார்க்க அவனுக்கு ஒரு இடமே கிடையாது.

என்ன ஆச்சுன்னு வரிசையா சொல்றேன், ஏன்னா மீட்டிங்ல "டேட்டாபேஸ் ஹேங் ஆயிடுச்சு"ன்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. துணிக்கடைக்காரங்க ரெண்டரை மீட்டர், மூணேகால் மீட்டர்னு பில் போடணும்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தாங்க, அதுக்காக அளவு ஃபீல்டை முழு எண்ணுல இருந்து தசமத்துக்கு மாத்தணும், அதோட விலை ஃபீல்டோட பேரையும் மாத்தினோம். மைக்ரேஷன்ல ஓடினது இவ்வளவுதான்:

```sql
ALTER TABLE bill_items RENAME COLUMN rate TO unit_rate;
ALTER TABLE bill_items MODIFY qty DECIMAL(10,3) NOT NULL;
```

லோக்கல்ல அந்த டேபிள்ல சில நூறு வரிதான், கண் இமைக்கிறதுக்குள்ள முடிஞ்சுது. லைவ்ல ஒண்ணேகால் கோடி வரி. மைஎஸ்க்யூஎல்ல ஃபீல்டோட டைப்பை மாத்தினா அது முழு டேபிளையும் புதுசா ஒரு காப்பி எடுக்கும், எடுத்து முடிக்கிற வரைக்கும் படிக்க விடும், எழுத விடாது. அதனாலதான் கடைக்காரங்க போன் பண்ணி "பழைய பில் எல்லாம் தெரியுது தம்பி, புது பில் மட்டும் சேவ் ஆகாம சுத்திக்கிட்டே இருக்கு"ன்னு சொன்னாங்க. அந்தக் காப்பிக்கு டிஸ்க்ல இடம் வேணும், ஆனா அதே சர்வர்லதான் நாம ஆளாளுக்கு டெஸ்ட் பண்ண எடுத்து வெச்ச டம்ப் ஃபைல் எல்லாம் கிடக்கு. டிஸ்க் ஃபுல் ஆச்சு, ரெண்டாவது வரி ஃபெயில். முதல் வரி ஏற்கெனவே கமிட் ஆயிடுச்சு, ஏன்னா மைஎஸ்க்யூஎல்ல ALTER எல்லாம் ட்ரான்சாக்‌ஷனுக்குள்ள நிக்காது. நாம பதறிப்போய் கோடை மட்டும் பழைய டேகுக்கு மாத்தினோம், பழைய கோடு `rate`-ஐ தேடுது, அந்தப் பேர்ல ஃபீல்டே இல்ல, அதுவரைக்கும் தெரிஞ்சுட்டு இருந்த பழைய பில்லும் எர்ரர் அடிக்க ஆரம்பிச்சுது. `migrate:rollback` அடிக்கலாம்னு ஒருத்தர் சொன்னார், நல்லவேளை யாரும் அடிக்கல, ஏன்னா பாதில செத்த மைக்ரேஷன் பதிவே ஆகாது, லாராவெல் அதுக்கு முன்னாடி ஓடின பேட்சை எடுத்து அழிச்சிருக்கும். கடைசில கையால பேரைத் திருப்பி மாத்தி, டம்ப் ஃபைலை அழிச்சு, ஒருவழியா நிமிர்ந்தோம்.

இதெல்லாம் மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள்னு வெச்சுக்கிட்டு அன்னிக்கு சாயங்காலம். ஈரோட்ல, திருப்பூர்ல ஆடிட்டர் ஆபீஸ் எல்லாம் நம்ம ரிப்போர்ட்டுக்காகக் காத்துட்டு இருந்த நேரம். சப்போர்ட்ல இருக்கிற அந்தப் பொண்ணு ராத்திரி வரைக்கும் திட்டு வாங்கினாங்க, அவங்களுக்கும் இந்தக் கோடுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல.

இப்ப சொல்லுங்க சார், இதுல எந்த இடத்துல "கேர்ஃபுல்லா இருந்தா" தப்பிச்சிருக்கலாம்? எவ்வளவு நேரம் ஆகும்னும் டிஸ்க் பத்தாதுன்னும் நிஜ அளவு டேட்டால ஓட்டினாத்தான் தெரியும். லைவ் மாதிரியே இன்னொரு மெஷின், அதாவது நான் கேட்கிற ஸ்டேஜிங், இருந்திருந்தா முந்தின நாளே மத்தியானம் அங்க செத்திருக்கும், நாம டீ குடிச்சுட்டு வந்து மைக்ரேஷனை ரெண்டா உடைச்சிருப்போம், இல்ல gh-ost மாதிரி ஒரு டூல் வெச்சு கொஞ்சம் கொஞ்சமா மாத்தியிருப்போம்.

இருக்கிற சர்வர்லயே இன்னொரு டேட்டாபேஸ் போட்டுக்கலாமேன்னு நீங்க கேட்டீங்க. அது சரிவராது சார். டிஸ்க் ஒண்ணு, மெமரி ஒண்ணு, ரெடிஸ் ஒண்ணு. இப்பவே டெஸ்ட் பிராஞ்ச்ல யாராவது `queue:work` ஓட்டினா அது லைவ் க்யூல இருக்கிற ஜாபைத் தூக்கிடுது, ஏன்னா ரெண்டும் ஒரே ரெடிஸ்ல `default`-ங்கிற ஒரே க்யூவைப் பார்க்குது. கஸ்டமரோட பில் பாதி எழுதின கோடுல பிராசஸ் ஆகுது, லாக்ல தேடினாலும் கண்டுபிடிக்கிறது பெரும்பாடு. எனக்கு அந்த அவுட்டேஜை விட பயமா இருக்கிறது இதுதான்.

அடுத்து இ-இன்வாய்ஸ். லைவ் கிரெடென்ஷியல்ல டெஸ்ட் பில் ஒண்ணு போனா அரசாங்க போர்ட்டல்ல நிஜமாவே ஐஆர்என் உருவாகிடும், 24 மணி நேரத்துக்குள்ள கேன்சல் பண்ணணும், விட்டா அந்தப் போர்ட்டல்ல கேன்சல் பண்ணவே முடியாது, ரிட்டர்ன்லதான் சரி பண்ணணும், அதுவும் கடைக்காரர் தலைல விழும். அதுக்குன்னே என்ஐசி தனியா சாண்ட்பாக்ஸ் குடுத்திருக்காங்க, நாம அதை முழுசா யூஸ் பண்ண முடியாததுக்குக் காரணம் அதைக் கனெக்ட் பண்ண நம்மகிட்ட தனி மெஷின் இல்லாததுதான்.

பெரிய கம்பெனிக்கே இப்படி ஆகியிருக்கு. 2017 ஜனவரி 31ல கிட்லேப்ல ஒரு எஞ்சினியர் வேற சர்வர்னு நினைச்சு லைவ் டேட்டாபேஸ் ஃபோல்டரையே அழிச்சுட்டார். பேக்கப்பைத் தேடினா வேலையே செய்யல. அவங்களைக் காப்பாத்தினது என்ன தெரியுமா சார், அதுக்கு சுமார் 6 மணி நேரம் முன்னாடி ஸ்டேஜிங்ல போடுறதுக்காக எடுத்த காப்பி. அந்த 6 மணி நேரத்து டேட்டா போச்சுதான், ஆனா அது இல்லன்னா இன்னும் எவ்வளவு போயிருக்கும். அவங்களே இதை வெளிப்படையா எழுதி வெச்சிருக்காங்க.

நான் கேட்கிறது பெருசா ஒண்ணும் இல்ல. லைவ்ல இருக்கிற அதே பிஹெச்பி, அதே மைஎஸ்க்யூஎல் வெர்ஷனோட ஒரு சின்ன விஎம், டிஸ்க் மட்டும் லைவ் அளவுக்கு வேணும். மாசம் மூவாயிரத்துக்குள்ள முடியும், ராத்திரியும் ஞாயிறும் ஆஃப் பண்ணி வெச்சா இன்னும் குறையும். வாரம் ஒரு தடவை லைவ் டேட்டாவை அங்க எடுத்துப் போடுற ஸ்கிரிப்டை நான் எழுதுறேன். அதுல கடைக்காரங்க பேரு, போன் நம்பர், ஜிஎஸ்டி நம்பர் எல்லாம் மாத்திட்டுத்தான் போகும், 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்தப்புறம் அதுல விளையாட முடியாது. தெரியாத்தனமா யாருக்கும் மெயில் போகாம இருக்க, ரெடிஸ் கலக்காம இருக்க `.env`-ல இப்படி இருக்கும்:

```
APP_ENV=staging
MAIL_MAILER=log
REDIS_PREFIX=stg_
```

ரெடிஸே அந்த மெஷின்லதான் ஓடும், ப்ரிஃபிக்ஸ் சும்மா கூடுதல் பாதுகாப்புக்கு. எஸ்எம்எஸ் கேட்வே சாவி அங்க இருக்கவே இருக்காது.

ரிலீஸ் லேட்டாகும்னு சேல்ஸ்ல சொல்லுவாங்க. ஆமா, ஒரு நாள் ஆகும், அதை மறைக்கல. ஆனா 10ஆம் தேதிக்கு அப்புறம் பயத்துல யாருமே எதையும் லைவ்ல போடல, ரெண்டரை மீட்டர் பில் இன்னும் அப்படியே நிக்குது, கேட்ட கடைக்காரங்க இன்னும் கேட்டுட்டேதான் இருக்காங்க.

புதன்கிழமை காலைல உங்களுக்கு அரை மணி நேரம் இருந்தா ஹோஸ்டிங் கொட்டேஷனோட வர்றேன். நீங்க ஓகே சொன்னா அடுத்த ஜிஎஸ்டி தேதிக்கு முன்னாடி மெஷின் ரெடி, அந்த மைக்ரேஷனைத்தான் அங்க முதல்ல ஓட்டுவோம். அதுவரைக்கும் மைக்ரேஷன் இருக்கிற எந்த ரிலீஸையும் 8ல இருந்து 13ஆம் தேதி வரைக்கும் போட வேண்டாம்னு ஒரு வார்த்தை க்ரூப்ல நீங்களே சொல்லிடுங்க சார், நாங்க சொன்னா சேல்ஸ்ல கேட்க மாட்டாங்க.

இப்படிக்கு,
செந்தில்
பேக்எண்ட் டீம்