கறுப்பனின் மாதச் செலவு

தம்பி, அடுத்த மாதத்திலிருந்து நம் பூனை கறுப்பனுக்கு நாம் இப்படித்தான் செலவழிக்கிறோம். உப்புவெளிக் கடை விலைக்குக் கணக்குப் பார்த்திருக்கிறேன்.

சாப்பாடு 3,840 ரூபாய். உலர் தீனி நாளுக்கு 40 கிராம், மாதத்துக்கு 1.2 கிலோ, கிலோ 2,200 படி 2,640. சூடை மீனுக்கு வாரம் 300. மீனை உப்பு, மஞ்சள் போடாமல் அவித்து, முள் எடுத்துக் கொடு. பச்சையாக வேண்டாம், தொடர்ந்து தின்றால் உயிர்ச்சத்து பி1 குறையும்.

அவன் வெளிக்குப் போகும் மண் பெட்டிக்கு ஒரு பை மண், 2,400. கடற்கரை மணல் அள்ளி வராதே. ஈரம் பிடித்து நாறும், கட்டியாகாது.

தடுப்பூசி வருடத்துக்கு ஒருமுறை: மூன்று நோய்களுக்கான ஊசி 4,500, விசர்நோய் ஊசி 1,500. மாதம் 500 எடுத்து வைத்தால் போதும்.

அவசரத்துக்கு 2,500. இதில் மட்டும் கை வைக்காதே. போன ஆவணியில் அவன் பெட்டிக்குள் குந்திக் குந்தி முக்கினான், ஒரு சொட்டுச் சலமும் வரவில்லை. கடுவன் பூனைக்குச் சலம் அடைத்தால் ஓரிரு நாளில் உயிரே போகும். அன்று இரவு 18,000 ரூபாய்க்கு நான் வளையலை அடகு வைத்தேன். அதனால் 40,000 சேரும்வரை தனிக் கணக்கில் போடுவோம்.

மொத்தம் 9,240. நான் 6,000 போடுகிறேன், மிச்சம் உன்னுடையது, சரியா? சம்பளம் வந்த அன்றே அனுப்பிவிடு.

அக்கா