மரபணு மாற்றப் பயிர்கள்: ஒரே கேள்வியா, பல கேள்விகளா?

எங்கள் ஊர், பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறையை அடுத்த தமிழ் பேசும் கிராமங்களுள் ஒன்று. 2010-இல், புழுவைக் கொல்லும் மரபணு சேர்த்த பி.டி. கத்தரிக்காயை எதிர்த்த மாநிலங்களுள் கேரளமும் இருந்தது. ஆனால் எங்கள் விவசாயிகள் விதை வாங்கப் போவது பொள்ளாச்சிக்கு. தென்னைக்கு மாறுவதற்கு முன்பு என் தாத்தா கரிசல் துண்டில் பயிரிட்ட பருத்தியும் அப்படி வாங்கி வந்த பி.டி. விதைதான். ஆகவே இந்த விவாதம் எங்களுக்குத் தொலைவில் நடப்பதன்று.

பி.டி. என்று சுருக்கப்படும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் மண்வாழ் பாக்டீரியாவின் மரபணு ஒன்றைப் பருத்தியில் சேர்த்ததால், செடியே காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தை உண்டாக்குகிறது. புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் செயல்படும் அப்புரதம் ஒட்டிக்கொள்ளத் தேவையான ஏற்பிகள் மனிதக் குடலில் இல்லை. சந்தையிலுள்ள மரபணு மாற்ற உணவுகள் வழக்கமான உணவுகளைவிட உடல்நலத்துக்குக் கூடுதல் தீங்கு செய்வதாக உறுதியான சான்று இல்லை என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2016-ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. ஆயினும் ஒரு பயிருக்குக் கிடைத்த நற்சான்று அடுத்த பயிருக்குப் பொருந்தாது; எந்த மரபணு, எந்தச் செடியில், எந்தச் சூழலில் என்று தனித்தனியே ஆராய்வதே முறை.

விளைச்சலிலும் இதே கவனம் தேவை. 2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்த பின் நாட்டின் பருத்தி உற்பத்தி பெருமளவு உயர்ந்தது உண்மை. அதே காலத்தில் உரப் பயன்பாடு கூடியதும், பாசன வசதி பெருகியதும், சாறுண்ணும் பூச்சிகளுக்குப் புதிய மருந்துகள் வந்ததும் உண்மை. உயர்வு முழுவதையும் ஒரு மரபணுவின் கணக்கில் எழுதுவதும், அதற்குப் பங்கே இல்லை என்பதும் நேர்மையாகாது.

தொழில்நுட்பம் எங்கே தடுக்கி விழுந்தது என்பதைத் தாத்தாவின் விதைப் பை எனக்குக் காட்டியது. 450 கிராம் பி.டி. விதையுடன் 120 கிராம் பி.டி. அல்லாத விதையும் ஒரு சிறு பொட்டலமாக வந்தது. வயலின் ஓரத்தில் அதை அடைக்கலப் பயிராக நட்டால், அங்கே நஞ்சுக்கு ஆளாகாமல் வளரும் புழுக்கள், எதிர்ப்புத்திறன் பெற்ற புழுக்களோடு இனக்கலப்புச் செய்து, அத்திறன் விரைவாகப் பரவாமல் தடுக்கும். “புழு தின்னுட்டுப் போறதுக்கு எதுக்கு நடணும்?” என்று கேட்டுத் தாத்தா அதைக் கட்டுத்தறியில் போட்டுவிட்டார். கடையில் யாரும் அவருக்குக் காரணம் சொல்லவில்லை. பையிலிருந்த துண்டுத்தாளும் அவர் படிக்கும் மொழியில் இல்லை. அடைக்கலப் பயிரைப் பல இடங்களில் இப்படிக் கைவிட்டதும் ஒரு காரணமாக, இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி. பருத்தியை எதிர்த்து நிற்கத் தொடங்கியது. ஆய்வகத்தில் சரியாக இருந்த ஒன்று வயலுக்கு வரும் வழியில் பழுதானதை எந்தத் தரப்பும் போதுமான அளவு பேசுவதில்லை என்பதே என் வருத்தம்.

ஒழுங்குமுறை 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகளைச் சார்ந்தது. மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு ஆய்ந்து முடிவு சொல்கிறது. களச்சோதனைக்கு மாநிலத்தின் இசைவும் வேண்டும். அக்குழு 2009-இல் ஏற்ற பி.டி. கத்தரிக்காயை, பல நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டபின், அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 2010 பிப்ரவரியில் நிறுத்திவைத்தார். வங்கதேசமோ 2013-இல் அதை அனுமதித்தது. நிறுத்திவைத்தது அறிவியலை அவமதித்தது என்பர் சிலர். உண்பவரைக் கேட்காமல் உணவை மாற்றலாகாது என்பர் சிலர். இரண்டாவது கருத்தே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. ஆனால் காலவரையறையற்ற தடை ஆய்வையும் சேர்த்து முடக்கிவிடும் என்ற அச்சமும் நியாயமானதே.

அறம் சார்ந்த வாதங்களில் விதையுரிமை முதன்மையானது. இதில் ஒரு குழப்பம் உண்டு: இங்கு விற்கப்படும் பி.டி. பருத்தி பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். மறு ஆண்டுக்கு அந்த விதையை எடுத்துவைத்தால் குணம் சிதறுவதற்குக் காரணம் ஒட்டுத்தன்மையே அன்றி மரபணு மாற்றம் அன்று. விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் விவசாயிக்குள்ள உரிமையை 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் ஏற்கிறது. ஆனால் வேறு தெரிவு கடையில் இல்லாதபோது ஏட்டிலுள்ள உரிமை வயலுக்கு உதவாது. களைக்கொல்லியைத் தாங்கும் பயிர்கள் இன்னொரு கேள்வியை எழுப்புகின்றன: உடைமையாளருக்குக் கூலி மிச்சமாவது, களையெடுப்பையே நம்பியிருக்கும் பெண்களுக்கு வேலை இழப்பாகிறது.

மரபணு மாற்றக் கடுகுக்கு 2022-இல் தரப்பட்ட அனுமதி செல்லுமா என்பதில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் 2024 ஜூலையில் மாறுபட்டனர். தேசியக் கொள்கை ஒன்று வேண்டும் என்பதில் மட்டும் ஒன்றுபட்டனர். அக்கொள்கையில், மாநிலங்களின் கருத்தோடு, விதைப் பையிலுள்ள அறிவுரை வாங்குபவரின் மொழியில் இருக்க வேண்டும் என்ற விதியும் இடம்பெற வேண்டும். கேரளத்தில் விதைக்கும் எங்களைப் பொறுத்தவரை அம்மொழி தமிழ்.