மதிப்பீடு: உங்கள் பாட்காஸ்டின் 14ஆம் எபிசோட், ‘செயற்கைக்கோள் நம்மை எப்படிக் கண்டுபிடிக்கிறது?’

நீளம் 47 நிமிடம் 20 நொடி. மூன்று முறை கேட்டேன். முதலில் காதை மூடும் ஹெட்போனில், பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே போன் ஸ்பீக்கரில், கடைசியாக ஓடும் பேருந்தில். பேருந்தில் 9ஆம் நிமிடத்தோடு நிறுத்திவிட்டேன். விஷயம் சலிக்கவில்லை, காதில் விழவில்லை. அதனால் ஒலியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒலித்தரம்: 10க்கு 4

தொகுப்பாளர் குரல் கணீரென்று இருக்கிறது. விருந்தினரான நில அளவைப் பொறியாளரின் குரலோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. சத்தத்தின் அளவைச் சொல்லும் எல்.யூ.எஃப்.எஸ். அலகில் தனித்தனியாக அளந்து பார்த்தேன்: தொகுப்பாளர் மைனஸ் 15, விருந்தினர் மைனஸ் 24. ஒன்பது அலகு, அதாவது ஒன்பது டெசிபெல் இடைவெளி. பத்து டெசிபெல் கூடினாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகப் படும் என்பதால், ஒவ்வொரு கேள்விக்கும் ஒலியைக் குறைத்து, ஒவ்வொரு பதிலுக்கும் கூட்ட வேண்டியிருக்கிறது. மொத்த எபிசோடையும் சேர்த்து அளந்தால் மைனஸ் 18 பக்கம் வருகிறது. ஆப்பிள் பாட்காஸ்ட் கேட்கும் மைனஸ் 16க்கு அது அப்படியொன்றும் தூரமில்லை. நீங்கள் கடைசியில் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வெளியிட்டிருப்பீர்கள் என்பது என் ஊகம். இரண்டு தடங்களையும் தனித்தனியே சமன் செய்துவிட்டுப் பிறகு கலக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. விருந்தினர் லேப்டாப் மைக்கில், வெறும் சுவர் அறையில் பேசியிருக்கிறார். மின்விசிறிச் சத்தத்தைப் போக்க இரைச்சல் நீக்கியைக் கடுமையாகப் போட்டிருக்கிறீர்கள். அது விசிறியோடு சேர்த்துச் சொற்களின் வாலையும் தின்றுவிட்டது. தமிழுக்கு இது கொஞ்ச நஞ்ச நஷ்டமில்லை. நமக்கு வினை கடைசியில் வருகிறது. அந்த வினையின் கடைசியில்தான் உண்டா இல்லையா என்பதே இருக்கிறது. 22:40இல் “உயரமான கட்டடங்களுக்கு நடுவே அந்தத் துல்லியம் கிடைக்க...” என்பதோடு குரல் தேய்ந்துவிடுகிறது. கிடைக்குமா, கிடைக்காதா? ஹெட்போனில் இரண்டாம் முறை கேட்டபோதுதான் ‘கிடைக்காது’ என்று பிடிபட்டது. போன் ஸ்பீக்கரில் கேட்டவர் நேர் எதிராகப் புரிந்துகொண்டிருக்கலாம். விசிறிச் சத்தம் லேசாக இருந்துவிட்டுப் போகட்டும், நீக்கியைப் பாதியாகக் குறையுங்கள். அடுத்த முறை விருந்தினரிடம் இயர்போன் மைக்கையாவது மாட்டிக்கொண்டு, துணிமணி நிறைந்த அறையில் உட்காரச் சொல்லுங்கள். செலவில்லாத வேலை.

தொகுப்பாளர் பக்கம் ஒன்றே ஒன்று: ‘ப’ வரும் இடமெல்லாம் மைக்கில் காற்று மோதுகிறது. ‘பொறியாளர்’, ‘புவி’, ‘பாதை’ மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்தபோது வெடி வைத்தது போலிருந்தது. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்று ஒதுக்கி வைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டினால் தீரும்.

கட்டமைப்பு: 10க்கு 5

இசை 50 நொடி. சென்ற எபிசோடுக்கு வந்த பாராட்டுகள். விருந்தினரின் பட்டங்கள், பதவிகள். முதல் கேள்வி 6:40இல்தான் பிறக்கிறது. அதற்குள் எத்தனை பேர் இறங்கிப் போனார்கள் என்பதை உங்கள் கணக்குப் பக்கத்தின் வரைபடத்தில் நீங்களே பார்க்கலாம்.

எபிசோடின் உயிர் 31:10இல் ஒளிந்திருக்கிறது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் கடிகாரம் தரையிலுள்ள கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு சுமார் 38 மைக்ரோநொடி முந்திப் போகும்; திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் பிழை சேரும் என்கிறார் விருந்தினர். வேகத்தால் 7 மைக்ரோநொடி பின்தங்குகிறது, ஈர்ப்பு குறைவதால் 45 முந்துகிறது என்று பிரித்தும் காட்டுகிறார். கையில் இருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு நின்று கேட்டேன். இதன் முதல் 20 நொடியை வெட்டி எபிசோடின் வாசலில் வையுங்கள். பட்டம் பதவியெல்லாம் ஒரு வரி போதும்.

நடுவில் 15ஆம் நிமிடம் முதல் 20ஆம் நிமிடம் வரை விருந்தினரின் கல்லூரிக் கதை. சுவையாகத்தான் இருக்கிறது, ஆனால் தலைப்போடு ஒட்டவில்லை. தனித் துணுக்காகப் போடலாம்.

தெளிவு: 10க்கு 7.5

இந்த மதிப்பெண் பெரும்பாலும் விருந்தினருடையது. இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று கோள்கள் போதாதா, நான்காவது எதற்கு என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில், நான் இதுவரை கேட்டதிலேயே எளிமையானது: மூன்று நம் இடத்துக்கு, நான்காவது நம் போன் கடிகாரத்தின் பிழையைக் கண்டுபிடிக்க. ஒரு மைக்ரோநொடி தவறினால் 300 மீட்டர் தவறும் என்ற கணக்கை அங்கேயே சேர்த்தார். இதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

கழித்த 2.5 தொகுப்பாளருக்கு. 26ஆம் நிமிடத்தில் ‘ஆக, செயற்கைக்கோள் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது’ என்று தொகுத்துச் சொல்கிறார். சற்று முன்புதான் விருந்தினர், கோளுக்கு நாம் இருப்பதே தெரியாது, அது நேரத்தை ஒலிபரப்புகிறது, கணக்குப் போடுவது நம் கையிலுள்ள கருவி என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். விருந்தினர் மரியாதைக்காக “ம்” என்று விட்டுவிட்டார். கேட்பவர் மனதில் தங்கப்போவது அந்தத் தொகுப்பு வாக்கியம்தான். எபிசோடின் தலைப்பிலும் இதே பிழை. கோள் நம்மைக் கண்டுபிடிப்பதில்லை. ‘நாம் எங்கே இருக்கிறோம் என்பது போனுக்கு எப்படித் தெரிகிறது?’ என்று மாற்றினால் நேர்மையாகவும் இருக்கும், ஆர்வமும் குறையாது.

கேட்பவருக்குப் பயன்: 10க்கு 8

இணையம் இல்லாவிட்டாலும் இருப்பிடம் கிடைக்கும், கிடைக்காதது வரைபடம்தான் என்று 38ஆம் நிமிடத்தில் சொன்னது பயணம் போகிற எவருக்கும் உதவும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்கச் சொன்னதும் நல்லது. நீண்ட நேரம் அணைத்துக் கிடந்த கருவி முதல் இருப்பிடம் காட்ட ஏன் தாமதிக்கிறது என்பதற்கு, கோள்கள் நொடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில்தான் தகவல் அனுப்புகின்றன என்ற காரணத்தையும் கேட்டேன். எனக்கே புதிது. குறை ஒன்று: இவையெல்லாம் கடைசிப் பத்து நிமிடத்தில் குவிந்திருக்கின்றன, குறிப்புரையில் நேரக்குறிகளும் இல்லை.

நான்கையும் கூட்டிச் சராசரி போடவில்லை. போட்டால் ஆறைத் தாண்டிவிடும், பேருந்தில் நான் 9ஆம் நிமிடத்தில் நிறுத்தியது அதில் மறைந்துவிடும். விருந்தினரின் மூலத் தடம் இன்னும் உங்களிடம் இருந்தால் புதிதாக எதையும் பதிவு செய்ய வேண்டாம். சமன் செய்து, 26ஆம் நிமிடத்து வாக்கியத்தை வெட்டி, தொடக்கத்தை மாற்றி மறுபடி ஏற்றுங்கள். அந்தப் பதிப்பையும் அதே பேருந்தில் கேட்டுவிட்டு ஒலிக்கும் கட்டமைப்புக்கும் புது மதிப்பெண் அனுப்புகிறேன்.