மொத்த கேபிள் ஆர்டருக்கு முன் தேவைப்படும் விவரங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் கேபிள் பட்டியல் கிடைத்தது. டைப்-சி டு சி 300, யுஎஸ்பி-ஏ டு சி 200 எடுக்கலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன் சில விவரங்கள் எழுத்தில் வேண்டும்.

பட்டியலில் ‘ஃபாஸ்ட் சார்ஜிங்’ என்று மட்டும் போட்டிருக்கிறது, அது போதாது. சி டு சி கேபிள் 3 ஆம்பியரா, 5 ஆம்பியரா? 5 என்றால் இ-மார்க்கர் சிப் உள்ளே இருக்கிறதா? ஏ டு சி-யில் 56 கிலோஓம் ரெசிஸ்டர்தானே? அதைவிடக் குறைந்த மதிப்பில் போட்டிருந்தால் போன் பழைய சார்ஜரிலிருந்து தாங்காத அளவுக்குக் கரண்ட் இழுக்கும். வாடிக்கையாளரின் சார்ஜர் கெடக்கூடாது, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கம்பி முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா? 2 மீட்டர் கேபிளில் பவர் கம்பியின் ஏடபிள்யூஜி எண் என்ன? முன்பு வேறிடத்தில் வாங்கியவை பிளக்கை ஒட்டிய வளைவிலேயே உறை பிளந்து திரும்பி வந்தன. அந்த இடம் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்றும் சொல்லுங்கள். டேட்டா வேகம், வாரண்டி, பழுதானால் மாற்றித் தரும் முறை ஆகியவற்றையும் குறிப்பிடவும்.

வகைக்கு 2 மாதிரிகள் அனுப்புங்கள், பணம் கொடுத்துவிடுகிறேன். ஒன்றை வெட்டிப் பார்ப்பேன், மற்றதை மீட்டரில் சோதிப்பேன். சரியாக இருந்தால் உடனே முன்பணம் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
செல்போன் துணைப்பொருள் கடை உரிமையாளர்